கடலிடம் அடைவு வைத்த குரல்: உண்மையான விலையுள்ள மந்திர அமைப்பை உருவாக்குவதற்கான முழுமையான வழிகாட்டி

பாத்திரமேற்று விளையாட்டுக்காகக் கற்பனை உலகொன்றை அமைக்க உட்காரும் பலரும் முதல் நாளிலேயே ஒரு வரியை எழுதிவிடுகிறார்கள்: "இந்த உலகில் எந்த மந்திரமும் சும்மா கிடைக்காது." எழுதுவதற்கு எளிதான வரி அது. நான்காவது அமர்விலும் அது உண்மையாகவே இருக்கும்படி விதிகளை அமைப்பதுதான் கடினம். திருகோணமலையில், உப்புவெளியிலுள்ள நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையில், சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் ஐந்து பேர் கூடி விளையாடுகிறோம். நான் கதையையும் உலகையும் நடத்தும் நடத்துநர்; மற்ற நால்வரும் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று ஆடும் ஆட்டக்காரர்கள். அந்த மேசைக்காக மந்திர விதிகளை இரண்டு முறை எழுதிக் கைவிட்டேன். மூன்றாவதாக எழுதியது நின்றது. முதல் இரண்டும் ஏன் விழுந்தன, மூன்றாவது எப்படி வேலை செய்கிறது என்பதை, வேறொருவர் தம் உலகில் எடுத்து ஆளக்கூடிய அளவுக்கு விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை: விலைபோலத் தோன்றுபவற்றைக் கழித்தல்

எனது முதல் அமைப்பில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 20 உடற்புள்ளிகள் இருந்தன. ஒரு மந்திரம் சொன்னால் மூன்று புள்ளிகள் குறையும். இரத்தம் சிந்தினால்தான் மந்திரம் கிடைக்கிறது என்று கதையளவில் அது கடுமையாகவே தெரிந்தது. ஆனால் ஓர் இரவு தூங்கி எழுந்தால் புள்ளிகள் திரும்பிவிடும் என்றும் நானே எழுதியிருந்தேன். இரண்டாவது அமர்வுக்குள் ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு சண்டைக்குப் பின்னும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கத் தொடங்கிவிட்டார்கள். அதில் அவர்களுடைய பிழை எதுவும் இல்லை. விதி அதைத்தான் செய்யச் சொல்லியது.

இந்தச் சிக்கல் புதிதல்ல. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று விளையாட்டில், மந்திரவாதி மனப்பாடம் செய்து வைத்திருக்கும் மந்திரம் ஒருமுறை சொன்னதும் மறந்துவிடும். மீண்டும் படித்துத்தான் அதைப் பெற வேண்டும். 2014இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில் எட்டு மணிநேர நீண்ட ஓய்வு எடுத்தால், செலவழித்த மந்திர வாய்ப்புகள் அனைத்தும் பெரும்பாலான மந்திரவாதிகளுக்குத் திரும்பிவிடும். விளையாட்டைச் சமநிலையில் வைத்திருக்க அது நல்ல விதி. ஆனால் அது கட்டுப்பாடே தவிர விலை அன்று. அந்தக்காலக் கூப்பன் கடையில் கிழமைக்கு இவ்வளவு அரிசிதான் என்று அளந்து கொடுத்தது கட்டுப்பாடு; கழுத்துச் சங்கிலியைக் கொடுத்து அரிசி வாங்குவது விலை. முதலாவதில் நாம் காத்திருக்கிறோம், இரண்டாவதில் இழக்கிறோம்.

பொன்னை விலையாக வைப்பதும் நெடுநாள் நிற்பதில்லை. அதே ஐந்தாம் பதிப்பில், இறந்து ஒரு நிமிடம் தாண்டாத ஒருவரை எழுப்பும் மந்திரத்துக்கு 300 பொற்காசு பெறுமதியான வைரம் வேண்டும். மந்திரம் அந்த வைரத்தை விழுங்கிவிடும். ஏழைக் குழுவுக்கு அது பெரிய இழப்புத்தான். குழு பணக்காரக் குழுவான பிறகு அந்த வைரம் பயணத்துக்கு முன் எழுதும் சாமான் பட்டியலில் கயிற்றுக்கும் விளக்கெண்ணெய்க்கும் நடுவில் ஒரு வரியாகிவிடுகிறது. ஆயுளில் ஓர் ஆண்டைக் கொடுப்பது என்ற விலை இன்னும் பலவீனமானது. நம் கதை பெரும்பாலும் சில மாதங்களுக்குள் நடந்து முடிகிறது. பாத்திரம் அறுபது வயதில் இறப்பதற்குப் பதில் ஐம்பத்தொன்பதில் இறக்கும் என்பதை மேசையில் யாரும் சந்திக்கப்போவதில்லை.

இவற்றைக் கண்டு நான் மறு எல்லைக்குப் போனேன். இரண்டாவது அமைப்பில் ஒவ்வொரு மந்திரமும் ஒரு நினைவை என்றென்றைக்குமாக அழித்தது. விளைவு, இரண்டு அமர்வுகளில் ஒருவர்கூட மந்திரம் சொல்லவில்லை. ஓர் ஆட்டக்காரர் தமது மந்திரத்தைக் கடைசி நாளுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அந்தக் கடைசி நாள் வரவேயில்லை. மந்திர உலகில் மந்திரமே நடக்காமற்போனது.

ஆகவே தேவைப்பட்டது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்று. கொடுத்த கணமே அதன் இன்மை தெரிய வேண்டும். மீட்க வழி இருக்க வேண்டும். ஆனால் மீட்பதற்கு ஆட்டக்காரரிடம் எப்போதும் குறைவாக இருக்கும் ஒன்றைச் செலவிட வேண்டும். இதற்கு ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தபோது எங்கள் வீடுகளிலேயே அது கிடந்தது தெரிந்தது. அடைவு. வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்துத் தொழில் படுக்கும் மாதங்களில் நகை அடைவுக்குப் போவதும், கடல் அடங்கித் தொழில் தொடங்கிய பிறகு மீட்கப்படுவதும் எங்கள் கரையோரக் குடும்பங்கள் நன்கறிந்த சுழற்சி. நகை அன்றைக்கே கழுத்தை விட்டு இறங்கிவிடுகிறது. கையில் தவணை எழுதிய துண்டு வருகிறது. தவணை தப்பினால் நகை மூழ்கிவிடும். மந்திரம் என்பது கடலிடம் அடைவு வைப்பது என்று சொன்னபோது, வேறு விளக்கம் எதுவும் தேவைப்படாமலே நால்வருக்கும் விதி விளங்கிவிட்டது.

கோயிலில் வைக்கும் நேர்த்திக்கடன்தான் எனக்கு முதலில் தோன்றிய உருவம். அதை வேண்டுமென்றே விட்டேன். எங்கள் மேசையில் சைவரும் முஸ்லிமும் கத்தோலிக்கரும் இருக்கிறார்கள். ஒருவர் உண்மையாக நம்பும் கடனை மற்றவர் பகடையால் உருட்டுவது சரியாகப் படவில்லை. கடல் எல்லோருக்கும் பொது.

எதை அடைவு வைப்பது

ஒவ்வொரு பாத்திரத் தாளிலும் ஏழு கட்டங்கள் வரைகிறோம். ஒவ்வொன்றிலும் அந்தப் பாத்திரத்தை அதன் வாழ்வோடு கட்டிவைத்திருக்கும் ஒரு பிணைப்பை எழுத வேண்டும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலிருந்துதான் அந்த எண்ணை எடுத்தேன் என்றாலும், அது வேறு காரணத்துக்காகவும் பொருந்தியது. மூன்றாக இருந்தால் ஒன்றை வைத்தவுடனேயே பாத்திரம் முடமாகிவிடுகிறது. பன்னிரண்டாக இருந்தால் அவை சில்லறைக் காசுபோலாகி, எது போனது என்பதே நினைவில் நிற்பதில்லை.

பிணைப்பை எழுதுவதில்தான் முழு அமைப்பின் உயிரும் இருக்கிறது. இங்கே அவசரப்படக் கூடாது. "அம்மாமீது பாசம்" என்று எழுதினால் அதை அடைவு வைத்தபின் மேசையில் என்ன மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. "அம்மா வாசலில் நின்று கூப்பிட்டால் எந்தக் கூட்டத்திலும் எனக்குக் கேட்கும்" என்று எழுதினால் சொல்ல முடியும்: இனிக் கேட்காது. எங்கள் மேசையில் பூமணி என்ற பாத்திரத்தின் தாளில் இருந்த ஒரு கட்டத்தை அப்படியே தருகிறேன்: "கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுக்கும் குரல் என்னுடையது." இதில் ஒரு செயல் இருக்கிறது; அதைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்; அது இல்லாமற்போனால் அவளுக்கு முன்பே மற்றவர்கள் கவனித்துவிடுவார்கள். நல்ல பிணைப்புக்கு இந்த மூன்றும் வேண்டும்.

பிணைப்பு கதைக்கு அழகு சேர்ப்பதற்கு மட்டுமானதாக இருந்தால் அதை இழப்பது வலிக்காது. எனவே அதற்குப் பகடையிலும் எடை கொடுத்தோம். சாதாரணமான எந்தச் செயலுக்கும் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகை எட்டு அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. உயிருள்ள பிணைப்பு ஒன்று அந்தச் செயலுக்குத் துணைநின்றால் இரண்டைக் கூட்டிக்கொள்ளலாம். துணையில்லாமல் 36 வாய்ப்புகளில் 15 வெற்றி, துணையிருந்தால் 26. பாதிக்கும் கீழே இருந்த வாய்ப்பு முக்கால் பங்கை நெருங்குகிறது. அடைவு வைத்த அன்றே பாத்திரம் 26இலிருந்து 15க்கு இறங்குகிறது. அந்தப் பிணைப்பு துணைநின்ற ஒவ்வொரு செயலிலும் ஆட்டக்காரர் அந்த இறக்கத்தை உணர்கிறார்.

கட்டத்தை அழிப்பானால் அழிக்க வேண்டாம். கடற்கரையில் பொறுக்கிய ஒரு சிப்பியை அந்தக் கட்டத்தின்மேல் கவிழ்த்து வைக்கிறோம். எழுத்து மறைந்துவிடுகிறது, ஆனால் அடியில் இருப்பது தெரியும். அந்தச் சிப்பிதான் அடைவுத் துண்டு. இந்தச் சிறிய ஏற்பாடு, நான் எழுதிய இரண்டு பக்க விளக்கத்தைவிட அதிகம் வேலை செய்தது.

மந்திரம் தவறுவதில்லை, தவணைதான் தெரியாது

பகடை உருட்டி மந்திரம் பலிக்குமா என்று பார்ப்பதே வழக்கம். விலையுள்ள அமைப்பில் அது தவறு என்பது என் முடிவு. விலையையும் கொடுத்து, மந்திரமும் பலிக்காமற்போனால், ஆட்டக்காரர் ஒரே செயலுக்காக இரண்டு முறை தண்டிக்கப்படுகிறார். மூன்றாம் முறை அவர் மந்திரத்தைத் தொடமாட்டார். ஆகவே எங்கள் உலகில் மந்திரம் எப்போதும் பலிக்கும். பகடை தீர்மானிப்பது தவணையை மட்டுமே. கூட்டுத்தொகை ஆறு அல்லது அதற்குக் கீழானால் ஓர் அமர்வு, ஏழு முதல் ஒன்பது வரையானால் இரண்டு, பத்தும் அதற்கு மேலுமானால் மூன்று. மந்திரம் சொன்ன அமர்வு இதில் சேராது. 36 வாய்ப்புகளில் ஓர் அமர்வுக்கு 15, இரண்டுக்கு 15, மூன்றுக்கு 6. சராசரி இரண்டு அமர்வுகளுக்குச் சற்றுக் குறைவு.

தவணையைக் கதையின் நாள்களில் எண்ணாமல் மேசையின் அமர்வுகளில் எண்ணுவதற்குக் காரணம் உண்டு. நாளில் எண்ணினால் ஆட்டக்காரர்கள் ஓர் இரவில் பத்துக் காரியம் செய்து தவணையை நீட்டுவார்கள். கடலோடு ஒட்டி இருக்கட்டும் என்று முதலில் ஏற்றவற்றத்தை நினைத்தேன். ஆனால் எங்கள் குடாவில் அது ஒரு மீற்றருக்கும் குறைவு. கரையில் வளர்ந்தவர்கள் அதை ஒரு மணிக்கூடாக உணர்வதில்லை. அமர்வு முடியும்போது சிப்பியின் முதுகில் பென்சிலால் ஒரு கோடு போடுவதே போதுமாயிற்று. கதைக்குள் ஒரு மாதத்துக்கு மேல் தாண்டிச் சென்றால் அதற்கும் ஒரு கோடு.

மந்திரத்தின் பருமனை மூன்றாகவே பிரித்தோம். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், நிற்கும் காரியத்துக்கு ஒரு பிணைப்பு. ஓர் ஊரையே தொடும் காரியத்துக்கு இரண்டு. முடிந்துபோன ஒன்றைத் திருப்புவதற்கு, அதாவது இறந்தவரை எழுப்புவது போன்றவற்றுக்கு, மூன்று. அதற்குப் பகடையும் கிடையாது, தவணை ஓர் அமர்வுதான். இதைவிட நுட்பமான அட்டவணை எழுதினால் மேசையில் புத்தகத்தைப் புரட்டுவதிலேயே நேரம் போகும்.

மீட்பு: கடன் யார் தலையில் விழுந்தது

இந்த அமைப்பை மற்றவற்றிலிருந்து வேறாக்குவது மீட்பு விதிதான். கடல் எதையும் புதிதாகப் படைப்பதில்லை. ஓரிடத்தில் கொடுப்பதை வேறோர் இடத்திலிருந்து எடுக்கிறது. காற்றை அடக்கினால், காற்று தேவைப்பட்ட வேறொருவருக்கு அது இல்லாமற்போகிறது. அந்த ஒருவரைத் தேடிப்போய், மந்திரமில்லாமல், தன் கையால் அந்தக் குறையைச் சரிசெய்தால்தான் அடைவு மீளும். அவர் வாயால் "போதும்" என்று சொல்ல வேண்டும்.

இதற்காக நடத்துநர் ஒவ்வொரு அமர்வுக்கும் முன் ஆறு சாதாரண மனிதர்களை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: யார், எங்கே இருக்கிறார், இன்று அவருக்கு எது இல்லாமல் முடியாது. காற்று, தண்ணீர், வெப்பம், தூக்கம், வெளிச்சம், ஒரு செய்தி போய்ச் சேர்வது என்று தேவைகள் கலந்திருக்க வேண்டும். மந்திரம் சொல்லப்பட்டதும் பட்டியலைப் பார்த்து, அதே பொருள் யாருக்குத் தேவையோ அவர்மேல் கடனை விழுத்தி, எது நடந்தால் அவர் "போதும்" என்பார் என்பதையும் அப்போதே ஒரு தாளில் எழுதி மடித்து வைக்க வேண்டும். முன்கூட்டி எழுதாவிட்டால், ஆட்டக்காரர் நெருங்க நெருங்க நடத்துநர் இலக்கைத் தள்ளி வைத்துக்கொண்டே போவார். எனக்கு ஒருமுறை அது நடந்தது, அந்த ஆட்டக்காரரின் கோபம் முழுக்க நியாயமானது.

ஒரு மந்திரத்தின் முழுக் கணக்கு

எங்கள் உலகின் துறைமுகத்துக்கு ஏழ்கிணற்றுத்துறை என்று பெயர். கடலுக்குள் நீண்ட மலைமுனை ஒன்று, அதன் பின்னே ஆழமான குடா, உள்நாட்டில் ஒரு நாள் நடைத் தூரத்தில் வயல்வெளி. கோணமலையையும் கொட்டியாரக் குடாவையும் தம்பலகாமத்து வயல்களையும் பார்த்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

மாசி மாதம். வாடை இன்னும் முழுதாக அடங்கவில்லை. நான்கு தோணிகள் மலைமுனைக்கு வெளியே அகப்பட்டுவிட்டன. காற்று அவற்றைப் பாறையை நோக்கித் தள்ளுகிறது. ஒன்றில் குழுவின் இன்னொரு பாத்திரம் இருக்கிறது. கரையில் நின்ற பூமணிக்குக் காற்றை அடக்கும் மந்திரம் தெரியும். ஒரு நாழிகை போதும், தோணிகள் குடாவுக்குள் வந்துவிடும்.

பூமணியை ஆடியவர் தாளைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் இருந்தார். "எதை அக்கா வைக்கிறது?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. இந்த மௌனம் விழுந்த பிறகுதான் மூன்றாவது அமைப்பு நிற்கும் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது. கடைசியில் அம்பாப் பாட்டின் குரலைச் சிப்பியால் மூடினார். பகடையில் நான்கும் மூன்றும் விழுந்தன, ஏழு, தவணை இரண்டு அமர்வு. காற்று நின்றது, தோணிகள் வந்தன.

என் பட்டியலில் காற்று தேவைப்பட்டவர் வயலில் தனியாக நின்ற ஒரு கைம்பெண். பெரும்போக அறுவடை முடிந்து, சூடடித்து, களத்தில் பொலி குவிந்திருந்தது. அன்று மாலைக் காற்றில் தூற்றி முடித்து நெல்லை வீட்டுக்கு ஏற்றியிருக்க வேண்டும். காற்று நின்றது, குவியல் பதரோடு களத்திலேயே கிடந்தது, இரவு மழை பிடித்துக்கொண்டது. இரண்டு மூன்று நாளில் ஈரக் குவியலின் அடியில் நெல் முளைவிடத் தொடங்கியது. மடித்த தாளில் நான் எழுதியது இது: "மிஞ்சிய நெல் காய்ந்து தூற்றப்பட வேண்டும்; அடுத்த போகத்துக்கான விதைநெல் அவள் கையில் இருக்க வேண்டும்."

அடுத்த அமர்வில் குழு வேறொரு துரத்தலில் இருந்தது. பூமணி வயலுக்குப் போகவில்லை. ஆனால் கரைவலைக் காட்சி ஒன்று வந்தது. வலையில் கைவைத்தவர்கள் அவள் பாட்டை எடுப்பாள் என்று காத்திருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். சொற்கள் வந்தன, தாளம் வரவில்லை. ஒரு பக்கம் இழுக்க மறுபக்கம் நின்றது. வலை கோணி மீன் வெளியேறியது. உருட்டியது ஆறு, துணையிருந்தால் எட்டாகி வென்றிருக்கும். அமர்வின் முடிவில் சிப்பியில் முதல் கோடு விழுந்தது.

இரண்டாவது அமர்வில் பூமணியை ஆடியவர் குழுவை விட்டுப் பிரிந்து வயலுக்கு நடந்தார். நெல்லைப் பரப்பிக் காயவைத்து, சுளகால் புடைத்து, மேல்காற்றுக்குக் காத்திருந்து தூற்றியது எங்கள் மேசையில் அரை மணிநேரத்துக்கு மேல் எடுத்த காட்சி. விதைநெல் மட்டும் குறைந்தது. அதற்காகத் தன் தோணிப் பங்கை விற்று வாங்கிக் கொடுத்தார். கைம்பெண் "போதும் பிள்ளை" என்றாள். சிப்பி எடுக்கப்பட்டது. இதற்கிடையில், அவர் இல்லாத மற்ற மூவரும் துரத்திய ஆள் தப்பிவிட்டான். விலை உண்மையில் எங்கே கட்டப்பட்டது என்பதை அங்கே பார்க்கலாம்: குரல் திரும்பிவிட்டது, ஆனால் அந்த அரை மணிநேரமும் தோணியும் திரும்பவில்லை.

தவணை தப்பியிருந்தால் குரல் மூழ்கியிருக்கும். மூழ்கிய கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது என்பது முக்கியமான விதி. வெறுமை விளையாடுவதற்கு எதையும் தருவதில்லை. மூழ்கியது உலகில் வேறு யாரிடமோ கரையேறும். இரவில் மலைமுனைக்கு வெளியே அதே அம்பாப் பாட்டைப் பூமணியின் குரலில் யாரோ எடுத்துக் கொடுக்கிறார்கள். தோணிகள் அந்தக் குரலை நம்பிப் பாறைக்குப் போகின்றன. நடத்துநருக்கு அது ஒரு புதிய கதை. ஆட்டக்காரருக்கு அது தன் கையெழுத்து.

வரத்தும் போக்கும்

இந்த அமைப்பைச் சரிசெய்வதற்கு ஒரு குளத்தின் கணக்கே போதும். எங்கள் அமர்வு மூன்று மணிநேரம். ஒரு மீட்புக் காட்சிக்கு 35 முதல் 40 நிமிடம் போகிறது. முதன்மைக் கதையும் நகர வேண்டுமானால் ஓர் அமர்வில் இரண்டு மீட்புகளுக்கு மேல் இடமில்லை. நால்வரும் அமர்வுக்கு ஒரு மந்திரம் சொன்னால் நான்கு கடன் உள்ளே வருகிறது, இரண்டு வெளியே போகிறது. ஆக, ஒவ்வோர் அமர்விலும் இரண்டு பிணைப்புகள் மூழ்கும் பாதையில் நிற்கின்றன. மேசையில் மொத்தம் 28 பிணைப்புகள். இதே வேகத்தில் ஏறக்குறைய 14 அமர்வுகளில் எல்லாம் கடலுக்குள். நால்வரும் இரண்டு அமர்வுக்கு ஒருமுறை மட்டும் சொன்னால் வரத்தும் போக்கும் சமன்.

உங்கள் கதை எவ்வளவு காலம் ஓட வேண்டும் என்பதைப் பொறுத்து இந்த எண்களை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆறே அமர்வுகளில் முடியும் இருண்ட கதையானால் தவணையை எல்லோருக்கும் ஓர் அமர்வாக்குங்கள். ஓராண்டு ஓடும் கதையானால் நான்கு அமர்வுக்கு ஒருமுறை, பயணமில்லாத, மீட்புகளுக்கென்றே ஓர் அமர்வை ஒதுக்குங்கள். இரண்டு மணிநேரமே விளையாடும் மேசைக்கு என் எண்கள் கடுமையானவை. அங்கே ஒரே ஒரு மீட்புக்குத்தான் இடம்.

கசியும் இடங்கள்

ஆட்டக்காரர்கள் ஓட்டையைக் கண்டுபிடிப்பார்கள், கண்டுபிடிக்க வேண்டும். முதலில் வருவது மலிவான பிணைப்பு. "நீலச் சட்டைமீது எனக்கு விருப்பம்" என்று எழுதி, அதையே அடைவு வைப்பார்கள். இரண்டு அமர்வுகளில் ஒருமுறைகூடக் கதையில் தொடப்படாத பிணைப்பை அடித்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஆட்டக்காரர் புதியதை எழுதிக் கொடுப்பார் என்ற விதி இதை அடைக்கிறது. அடுத்தவர் நம் பாத்திரத்தில் எதை மதிக்கிறார் என்பதும் அதில் வெளிவரும்.

கடனை இன்னொரு மந்திரத்தால் அடைப்பது அடுத்தது. அதை முற்றாகத் தடுத்துவிட்டேன்.

மூன்றாவது ஓட்டையை நான் அடைக்கவில்லை: காசுள்ளவர், ஏழை ஒருவருக்குக் கூலி கொடுத்து, அவருடைய பிணைப்பை வைத்து மந்திரம் சொல்ல வைக்கலாம். இதை அனுமதித்த கணத்தில் ஏழ்கிணற்றுத்துறைக்கு ஒரு சமூகம் கிடைத்தது. துறையின் ஓரத்தில் கூலி மந்திரக்காரர்களின் குடிசைகள். தன் பிள்ளையின் முகத்தை அடைவு வைத்து முதலாளியின் கப்பலுக்குக் காற்று வாங்கிக் கொடுத்தவன், மாலையில் எந்த வாசலில் நிற்பது என்று தெரியாமல் நிற்கிறான். உலகின் வரலாற்றையும் சட்டத்தையும் தனியாக உட்கார்ந்து எழுதத் தேவையில்லை. விலையை யார் யார்மீது தள்ளிவிட முடியும் என்று கேட்டாலே அவை வந்துவிடும்.

பகைவனுக்கும் அதே ஏழு கட்டங்கள் வேண்டும். எதிரி மட்டும் விலையின்றி மந்திரம் சொன்னால், விலை என்பது உலகின் இயல்பு அன்று, நடத்துநர் நம்மேல் போட்ட தண்டனை என்று ஆட்டக்காரர்கள் சரியாகவே முடிவு செய்வார்கள். எங்கள் துறைமுக அதிபதிக்கு ஐந்து கட்டங்கள் மூழ்கியிருந்தன. தன் மகள் உள்ளே வரும்போதெல்லாம் எழுத்தரைப் பார்ப்பான். எழுத்தர் குனிந்து அவள் பெயரைக் காதில் சொல்வார். அதைக் கண்ட பிறகு அவனுடைய வலிமையைப் பற்றி நான் ஒன்றும் விவரிக்க வேண்டியிருக்கவில்லை.

மேசைக்குக் கொண்டுபோகும் முன்

தனியாக இருந்து மூன்று மந்திரங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வைக்கப்படும் பிணைப்பு, கடன் விழும் மனிதர், "போதும்" என்பதற்கான நிபந்தனை ஆகிய மூன்றையும் எழுதிப் பாருங்கள். ஏதாவது ஒரு மந்திரத்துக்குக் கடன் விழும் மனிதரை ஐந்து நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அந்த மந்திரம் எதை எங்கிருந்து எடுக்கிறது என்பது உங்களுக்கே தெளிவாகவில்லை. அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். எங்களிடம் கண்ணுக்குத் தெரியாமல் மறையும் மந்திரம் இப்படித்தான் போயிற்று.

பிறகு இரண்டு நண்பர்களோடு ஒரே ஓர் அமர்வு விளையாடிப் பாருங்கள். இரண்டு அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும். யாரும் மந்திரத்தைத் தொடவே இல்லையென்றால், தவணை குறுகியது அல்லது மீட்பு எட்டாத தூரத்தில் இருக்கிறது; தவணையை ஓர் அமர்வு கூட்டுங்கள், கடன் விழும் மனிதரை அதே ஊருக்குள் கொண்டுவாருங்கள். தாளைப் பாராமலே மந்திரம் சொல்கிறார்கள் என்றால், பிணைப்புகள் மேசையில் தொடப்படவில்லை. அடுத்த அமர்வில் ஒவ்வொருவருடைய ஒரு பிணைப்பையாவது கதையில் அழைக்கும் காட்சியை எழுதிக்கொண்டு போங்கள். சிப்பிகளைக் கழுவி வெயிலில் காயவைத்து எடுத்துச் செல்லுங்கள். ஈரமான சிப்பி தாளை நனைத்துவிடும்.